வாரண்டி அட்டையை வாங்கிய அன்றே வாசியுங்கள்

தீபாவளி முற்பணம் கையில் கிடைத்தால், அந்த வாரமே டவுணுக்குப் போய் தவணைக்குச் சாமான் எடுப்பது நம் தோட்டங்களில் நீண்டநாள் வழக்கம். முன்பு ரேடியோவும் தையல் மெஷினும் எடுத்தோம். இப்போது டி.வி.யும் பிரிட்ஜும் எடுக்கிறோம். சாமானோடு ஓர் அட்டையும் தருவார்கள். அதுதான் வாரண்டி அட்டை, அதாவது உத்தரவாத அட்டை. அநேகமான வீடுகளில் அது சாமி படத்துக்குப் பின்னாலோ, கலண்டர் ஆணியிலோ போய்விடும். சாமான் பழுதான பிறகுதான் வெளியே வரும். அதற்குள் அதில் இருக்கும் பிழையைத் திருத்தும் காலம் கடந்துவிடும்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பிரிட்ஜ் விஷயத்தை இங்கே முழுமையாக எழுதுகிறோம். அந்த ஓர் அட்டையில் இருந்த சிக்கல்கள் வேறு பல அட்டைகளிலும் இருக்கின்றன. கடையின் பெயர் இங்கே தேவையில்லை.

மேற்பிரிவில் இருக்கும் ஒரு குடும்பம் 2023 நவம்பர் 4ஆம் திகதி சனிக்கிழமை பிரிட்ஜ் எடுத்தது. அடுத்த வாரம் தீபாவளி. 2024 ஆகஸ்ட் மாதம் பிரிட்ஜில் லைட் எரிந்தது, ஆனால் குளிரவில்லை. அந்த வீட்டு அக்கா கடைக்குப் போய் அட்டையைக் கொடுத்தார். கடையில் பார்த்துவிட்டு, “அம்மா, இது கெடு முடிஞ்சு நாலு மாசம் ஆயிருச்சு. கொம்பிரசருக்கு மட்டும் பத்து வருஷம் இருக்கு. அதை சும்மா போட்டுத் தருவோம். மற்றதுக்கு 24,500 ரூபா வரும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா அழுதுகொண்டுதான் எங்களிடம் வந்தார். “ஐயா, இன்னும் தவணையே கட்டி முடியல. அதுக்குள்ள கெடு எப்பிடி முடியும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அட்டையை மேசையில் வைத்து வரிவரியாக வாசித்தோம்.

திகதி

அட்டையில் ‘வாங்கிய திகதி’ என்ற கட்டத்தில் பேனையால் 11/4/23 என்று எழுதியிருந்தது. எழுதிய பையன் மாதத்தை முதலில் போட்டிருக்கிறான். பதினோராம் மாதம், நான்காம் திகதி. ஆனால் நம் நாட்டில் கையால் எழுதும்போது பெரும்பாலும் நாளை முன்னால் எழுதுவோம். திருத்தும் பகுதியில் இருந்தவர் அதை ஏப்ரல் 11 என்று வாசித்தார். அப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு வருட வாரண்டி 2024 ஏப்ரலில் முடிந்துவிடும். உண்மையில் அது நவம்பர் வரை இருக்கிறது. ஓர் எண் இடம் மாறியதால் ஏழு மாதம் காணாமல் போனது.

பில்லைக் கேட்டோம். அக்கா பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுப்படிச் சுவரில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் திகதி, விலை, பெயர் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கடைகளில் மெஷினில் வரும் வழுவழுப்பான பில் மையால் அச்சாவது அல்ல, சூட்டால் அச்சாவது. அடுப்புச் சூடு பட்டால் தாள் கறுக்கும். வெயில் பட்டாலும், சிலவகைப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தாலும் எழுத்து மங்கிப்போகும். ஆனால் பில்லின் பின்பக்கத்தில் கடைக்காரர் முன்கூட்டியே மையால் அச்சடித்த நிபந்தனைகள் மட்டும் அப்படியே இருந்தன. நமக்கு வேண்டிய பக்கம் அழிந்தது, அவர்களுக்கு வேண்டிய பக்கம் நின்றது. ஆகவே பில் வாங்கிய அன்றே பத்து, இருபது ரூபாய்க்கு ஒரு போட்டோ கொப்பி எடுத்து அட்டையோடு பின் பண்ணி வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

பில் இல்லாமல் திகதியை எப்படிக் காட்டுவது? இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று, தவணைப் புத்தகம். முதல் கட்டுப்பணம் 2023 நவம்பர் 4 அன்று கட்டியதாகக் கடைக்காரர் கையெழுத்தே இருந்தது. இரண்டாவது, பிரிட்ஜின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகடு. அதில் மொடல் இலக்கம், சீரியல் இலக்கம், வோல்ட் அளவு இருக்கும். சிலவற்றில் செய்த மாதமும் இருக்கும். இந்தத் தகட்டில் செய்த மாதம் 2023 ஜூன் என்று தெளிவாக இருந்தது. ஜூன் மாதம் செய்த பிரிட்ஜை அதற்கு இரண்டு மாதம் முன்பு ஏப்ரலில் எப்படி விற்றிருக்க முடியும்? இதைக் கடை முகாமையாளரிடம் காட்டியதும் அவர் கம்பியூட்டரில் தேடிப் பார்த்து, நவம்பர் 4 என்பதை ஒத்துக்கொண்டார். வேறு வாதம் தேவைப்படவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. அட்டையில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘4 நவம்பர் 2023’ என்று இருந்தால் அதை யாரும் மாற்றி வாசிக்க முடியாது. ‘நாங்க அப்புறம் எழுதித் தாறோம்’ என்று திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அட்டையை வாங்காதீர்கள். வெறுமையான கட்டத்தில் பிறகு எவரும் எதையும் எழுதலாம். சாமான் வீட்டுக்கு வந்து சேர்வது சில நாள் கழித்து என்றால், வாரண்டி எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். பில் போட்ட நாளா, கொண்டுவந்து இறக்கிய நாளா என்பதை அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். அட்டையில் உள்ள சீரியல் இலக்கமும் தகட்டில் உள்ளதும் ஒன்றா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் ‘இது இந்தப் பிரிட்ஜின் அட்டை இல்லை’ என்று சொல்ல இடமிருக்கும்.

ஒரு வருடம் என்றால் எத்தனை நாள்?

அட்டையின் முன்பக்கத்தில் ‘12 மாதம்’ என்று இருந்தது. பில்லின் பின்பக்கத்தில் அழியாமல் நின்ற வரிகளில் ஒன்று, ‘1 வருட வாரண்டி என்பது 350 நாள்’ என்றது. இது இந்தக் கடையில் மட்டும் உள்ளது அல்ல. நம் நாட்டில் போன், கம்பியூட்டர் விற்கும் கடைகளின் பில்களில் இந்த 350 நாள் கணக்கைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023 நவம்பர் 4 வாங்கிய சாமானுக்கு 12 மாதம் என்றால் 2024 நவம்பர் ஆரம்பம் வரை. 350 நாள் என்றால் 2024 ஒக்டோபர் 19. அந்த வருடம் தீபாவளி ஒக்டோபர் 31. ஆக, தீபாவளிக்கு எடுத்த சாமானுக்கு அடுத்த தீபாவளிக்கு முன்பே வாரண்டி முடிந்துவிடும். அக்காவின் பிரிட்ஜ் ஆகஸ்டில் பழுதானதால் இரண்டு கணக்கிலும் அது கெடுவுக்குள்தான் இருந்தது. ஒக்டோபர் கடைசியில் பழுதாகியிருந்தால் இந்த ஒரு வரிக்காகவே சண்டை வந்திருக்கும்.

அட்டை ஒன்று சொல்லி, பில் வேறொன்று சொன்னால், வாங்கும்போதே ‘முடியும் திகதி’ என்ன என்று கேட்டு அதை அட்டையில் எழுதி வாங்குங்கள். முடியும் நாள் எழுத்தில் இருந்தால், மாதக் கணக்கா நாள் கணக்கா என்ற கேள்வியே வராது.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

கடையில் அந்தப் பிரிட்ஜின் கதவில் ‘10 வருட வாரண்டி’ என்று பெரிதாக ஒட்டியிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் அக்கா இரண்டாயிரம் ரூபாய் கூடுதலான அந்தப் பிரிட்ஜை எடுத்தார். அட்டையைப் பார்த்தால் அந்த 10 பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கிறது. பின்பக்கத்தில் அதே நட்சத்திரத்துக்கு நேரே ‘கொம்பிரசருக்கு மட்டும்’ என்று இருக்கிறது.

கொம்பிரசர் என்பது பிரிட்ஜின் பின்னால் கீழே இருக்கும் கறுப்பு மோட்டார் உருண்டை. அது அவ்வளவு சீக்கிரம் பழுதாவதில்லை. பழுதானாலும் உருண்டை மட்டும் இலவசம். அதை மாற்றினால் உள்ளே இருக்கும் காஸ் வெளியேறிவிடும், புதிதாக அடைக்க வேண்டும். குழாயைப் பற்றவைக்க வேண்டும், வேலைக்கூலி கொடுக்க வேண்டும், டவுணுக்கு லொறியில் ஏற்றி இறக்க வேண்டும். முதல் வருடம் முடிந்தால் இவை எல்லாம் நம் தலையில். கடையில் முதலில் சொன்ன 24,500 ரூபாய் இதற்குத்தான். பொய் சொல்லவில்லை; ஆனால் கதவில் இருந்த பெரிய எழுத்து இதைச் சொல்லவில்லை.

ஆகவே வருடக் கணக்கைப் பார்த்து மயங்காமல் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை காலம்? வேலைக்கூலிக்கு எத்தனை காலம்? கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு யாருடையது? இரண்டு கடையில் ஒரே சாமானுக்கு விலை வித்தியாசம் இருந்தால், இந்த மூன்று பதிலையும் சேர்த்துத்தான் எது இலாபம் என்று பார்க்க வேண்டும்.

ஒன்றை ஒன்று வெட்டும் நிபந்தனைகள்

திகதி சரியான பிறகு திருத்துபவர் தோட்டத்துக்கு வந்தார். திறந்து பார்த்துவிட்டு, கொம்பிரசர் நல்லாயிருக்கிறது, அதைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்திருக்கிறது என்றார். ரிலே என்பது கொம்பிரசரின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் கைக்கடக்கமான சாமான். மோட்டார் ஓடத் தொடங்கும்போது அதற்கு ஓர் உந்துதல் கொடுக்கும். அது போனால் பிரிட்ஜில் லைட் எரியும், குளிராது. இதைச் சொல்லிவிட்டு அவர், “ரிலேக்கு வாரண்டி இல்லம்மா. கரண்ட் கூடக் குறைய வந்தாலும் வாரண்டி இல்ல” என்றார்.

அட்டையைத் திரும்ப எடுத்தோம். இரண்டாம் நிபந்தனை: ‘முதல் 12 மாதத்துக்கு எல்லாப் பாகங்களும் இலவசமாக மாற்றித் தரப்படும்.’ ஒன்பதாம் நிபந்தனை: ‘பல்ப், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், மின் பாகங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.’ மின்சாரத்தில் ஓடும் பிரிட்ஜில் மின் பாகங்களையும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தகரமும் கண்ணாடியும்தான். அப்படியென்றால் இரண்டாம் நிபந்தனைக்கு அர்த்தமே இல்லை. ஒரே அட்டையில் ஒரு வரி கொடுக்கிறது, இன்னொரு வரி பறிக்கிறது. இதைத்தான் முரண்பட்ட நிபந்தனை என்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ‘எல்லா’, ‘முழுமையான’ என்று வரும் வரியின் கீழ் ஒரு கோடு போடுங்கள். பிறகு ‘பொருந்தாது’, ‘தவிர’, ‘செல்லுபடியாகாது’ என்று வரும் வரிகளின் கீழ் கோடு போடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்து, ‘அப்போ என்னதான் கிடைக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதியவரே இரண்டு அர்த்தம் வரும்படி எழுதினால், அந்தச் சந்தேகத்தை அவருக்கு எதிராக வாசிப்பது நீதிமன்றங்களில் நெடுநாளாக உள்ள ஒரு முறை. ஆனால் ஒரு ரிலேக்காக நீதிமன்றம் போக நம்மிடம் காசும் இல்லை, நாளும் இல்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் போகும். அதனால்தான் வாங்கும் நேரத்திலேயே கேட்க வேண்டும் என்கிறோம்.

மின்சார விஷயம் இன்னொரு வகை. ஏழாம் நிபந்தனை, ‘அசாதாரண மின் அழுத்தத்தால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை’ என்றது. எத்தனை வோல்ட் அசாதாரணம்? அட்டையில் எண் இல்லை. எண் இல்லாத நிபந்தனை தெளிவில்லாத நிபந்தனை. சொல்பவர் விருப்பப்படி அது நீளும், குறுகும். நாங்கள் தகட்டைக் காட்டினோம். அதில் 220 முதல் 240 வோல்ட் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. நம் நாட்டில் வீட்டுக்குத் தரும் மின்சாரமும் 230 வோல்ட் என்றே கணக்கு. “அளந்து பாருங்கள், அளந்த எண்ணையும் பழுதின் காரணத்தையும் வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்” என்று கேட்டோம். அப்போது காலை பதினொரு மணி. மீட்டரில் 231 வந்தது. கரண்ட் மேல் பழி போட்டு எழுத அவருக்கு மனம் வரவில்லை. ‘ரிலே எரிந்துள்ளது’ என்று மட்டும் எழுதினார். அந்தச் சீட்டையும் இரண்டாம் நிபந்தனையையும் வைத்து முகாமையாளரோடு பேசினோம். ரிலேயை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருத்துபவர் வந்து போனதற்கு 1,500 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ‘டவுணிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் போக்குவரத்துச் செலவு வாங்கியவருடையது’ என்று ஐந்தாம் நிபந்தனையில் தெளிவாக இருந்தது. அதில் சந்தேகம் இல்லை, கட்டினோம். இன்னொன்று: அவர் இரவு ஏழு மணிக்கு வந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேத்தலும் ரைஸ் குக்கரும் போடும்போது லைட் மங்குவது நமக்குத் தெரியும். அப்போது வோல்ட் இறங்கியிருக்கும். அப்படி மங்கும் லயம் என்றால், வோல்ட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் கட்டாயமா என்று கடையில் முன்பே கேளுங்கள். கட்டாயம் என்றால் அதையும் அதே பில்லில் போட்டு வாங்குங்கள். ‘ஸ்டெபிலைசர் போடவில்லை’ என்ற காரணம் பிறகு எழாது.

மூன்று மாதக் கெடு

கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இதற்கு இடமிருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத சாமானை விற்றால் அதிகாரசபைக்கு முறையிடலாம். விசாரித்து நியாயம் என்று கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, சாமானை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. அதன் தொலைபேசி இலக்கம் 1977.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு கெடு இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் என்று சட்டம் சொல்கிறது. அக்காவின் பிரிட்ஜுக்கு அந்தக் கெடு 2024 பெப்ரவரி 4ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பழுதானது ஆகஸ்டில். கடை முகாமையாளர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் எங்கள் கை மிகவும் பலவீனமாக இருந்திருக்கும். வாரண்டி ஒரு வருடம் இருந்தாலும், முறைப்பாட்டுக் கெடு முதல் மூன்று மாதத்திலேயே ஓடிவிடுகிறது. அட்டையில் திகதி பிழை, இலக்கம் பிழை, கதவில் சொன்னது ஒன்று அட்டையில் உள்ளது வேறு என்பவை எல்லாம் சாமான் பழுதாகும் முன்பே கண்ணுக்குத் தெரியும் குறைகள். அவற்றை அந்த மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்தால் கடையிலும் கேட்கலாம், அதிகாரசபைக்கும் எழுதலாம்.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டியது இவ்வளவுதான். திகதியை மாதப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். முடியும் திகதியையும் எழுதச் சொல்லுங்கள். சீரியல் இலக்கத்தை ஒத்துப் பாருங்கள். கடையின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் அடித்துண்டை கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தால், அதை யார் அனுப்புவது என்று கேளுங்கள். வாயால் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால், “அதையே பில்லில் எழுதிக் குடுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதத் தயங்குகிற வாக்கு, பிறகு நிற்காத வாக்கு.

அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருந்து வாசிக்க முடியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து, மேலே சொன்ன கோடு போடும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அல்லது பில், அட்டை, தவணைப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். பழுதான பிறகு அல்ல, வாங்கிய அந்த வாரமே வாருங்கள்.